வீட்டு விளம்பரத்தில் வெயிலும் காற்றும்

“வடவள்ளி, 4 சென்ட், 2 பெட்ரூம் தனி வீடு, சோலார் வசதி, நல்ல காற்றோட்டம், கார் பார்க்கிங், போர் தண்ணீர். புரோக்கர் வேண்டாம்.”

கோயம்புத்தூரில் ஞாயிற்றுக்கிழமை வரி விளம்பரங்களைப் புரட்டினாலும், கைபேசியில் வீட்டு விற்பனைத் தளங்களைத் தள்ளிக்கொண்டே போனாலும் இந்த வகை வரிகள்தான் கண்ணில் படும். இதில் சென்ட் கணக்கையும் அறைக் கணக்கையும் படிப்பவர் நம்புகிறார், ஏனென்றால் அவற்றை அளந்து பார்க்க முடியும். “சோலார் வசதி”, “நல்ல காற்றோட்டம்” என்ற இரண்டையும் அவர் கண் தாண்டிப் போய்விடுகிறது. எல்லா விளம்பரத்திலும் அவை இருக்கின்றன. எந்த விளம்பரமும் அவற்றுக்கு அளவு சொல்வதில்லை.

உண்மையில் வாங்குபவரின் மாதச் செலவையும் தூக்கத்தையும் தீர்மானிக்கும் விஷயங்களில் இவை இரண்டும் முக்கியமானவை. சென்ட் கணக்குக்கு இருக்கும் அதே தெளிவோடு இவற்றையும் எழுத முடியும். அதற்கு விற்பவர் பேனாவை எடுப்பதற்கு முன்னால் மொட்டை மாடிக்கு ஒருமுறை ஏற வேண்டும். ஜன்னல்களை ஒருமுறை டேப் வைத்து அளக்க வேண்டும்.

முதலில் அந்த “சோலார்” என்ற சொல். சில ஆண்டுகளுக்கு முன்புவரை வீட்டுச் சோலார் என்றால் பலருக்கும் மாடியில் இருக்கும் சுடுநீர்த் தொட்டிதான் நினைவுக்கு வந்தது. 2024 பிப்ரவரியில் பிரதமரின் சூர்ய கர் திட்டம் தொடங்கி, கூரையில் சோலார் மின்தகடு வைக்க 78,000 ரூபாய் வரை மானியம் என்று செய்தி பரவிய பிறகு நிலைமை மாறிவிட்டது. இப்போது “சோலார் உண்டு” என்று படிப்பவர், மின்வாரிய பில்லே குறையும் மின்தகடு என்று எண்ணிக்கொண்டு வருவார். மாடியில் கண்ணாடிக் குழாய்களும் ஒரு தொட்டியும் மட்டும் இருப்பதைப் பார்த்ததும் ஏமாந்ததாக உணர்வார். அதன் பிறகு அந்த வீட்டைப் பற்றிச் சொல்லப்படும் மற்ற எல்லாவற்றையும் சந்தேகத்தோடுதான் கேட்பார். அதனால் சோலார் வாட்டர் ஹீட்டர் என்றால் அப்படியே முழுப் பெயரில் எழுதிவிடுவது நல்லது.

அடுத்து, எத்தனை லிட்டர்? இங்கேதான் விற்பவர்கள் கணக்கைப் பெரிதாக்கிவிடுகிறார்கள். ஒரு வீட்டில் 200 லிட்டர் தொட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 25 டிகிரியில் உள்ளே போகும் தண்ணீர் நல்ல வெயில் நாளில் 60 டிகிரிக்கு வருகிறது. இந்த 200 லிட்டரையும் மின்சாரத்தில் இதே சூட்டுக்குக் கொண்டுவர ஏறக்குறைய 8 யூனிட் ஆகும். இரண்டு மாத பில் கணக்கில் அது 480 யூனிட்டைத் தாண்டும். “இரண்டு மாதத்துக்கு 480 யூனிட் மிச்சம்” என்று விளம்பரத்தில் போட்டுவிட ஆசை வரும்.

ஆனால் மிச்சமாவது தொட்டியில் இருக்கும் சூடு அல்ல, குடும்பம் பயன்படுத்தும் சூடு. குளிக்கும் தண்ணீர் 40 டிகிரி இருந்தால் போதும். 20 லிட்டர் பக்கெட் ஒன்றில் 9 லிட்டர் சுடுநீரும் 11 லிட்டர் பச்சைத் தண்ணீரும் கலந்தால் அந்தச் சூடு வந்துவிடும். நான்கு பேர் ஆளுக்கு இரண்டு பக்கெட் குளித்தால் தொட்டியிலிருந்து வெளியேறுவது 72 லிட்டர்தான். அதை கீசரில் சூடாக்கியிருந்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 யூனிட் ஆகியிருக்கும்; இரண்டு மாதத்துக்கு 180 யூனிட். மீதி சூடு அடுத்த நாளைக்கு நிற்கிறது, அல்லது வீணாகிறது. கோடையிலோ மேல்நிலைத் தொட்டித் தண்ணீரே வெதுவெதுப்பாக வரும், யாரும் சுடுநீர்க் குழாயைத் திறக்கவே மாட்டார்கள். அப்போது மிச்சம் இன்னும் சுருங்கும்.

480-க்கும் 180-க்கும் இடையே இருக்கும் இந்த தூரத்தில்தான் விளம்பரத்தின் நாணயம் இருக்கிறது. வாங்குபவர் குடியேறி நான்கு பில் பார்த்ததும் உண்மை தெரிந்துவிடும். ஆகவே ரூபாய்க் கணக்கை விட்டுவிட்டு, “200 லிட்டர்; நாங்கள் நான்கு பேர், மழைக்காலம் தவிர கீசர் போடுவதில்லை” என்று எழுதுவது எவ்வளவோ மேல். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் என்பதால், அந்த எல்லைக்கு அருகில் இருக்கும் குடும்பத்துக்கு 180 யூனிட் என்பதே சிறிய விஷயம் அல்ல. ஓராண்டின் ஆறு மின்கட்டண ரசீதுகளை எடுத்து வைத்து, வீட்டில் எத்தனை பேர், எத்தனை ஏசி என்ற விவரத்தையும் சேர்த்துக் காட்டினால், வாங்குபவர் தன் குடும்பத்துக்கான கணக்கைத் தானே போட்டுக்கொள்வார்.

லிட்டருக்குப் பிறகு வயது. சோலார் வாட்டர் ஹீட்டர் பார்ப்பதற்குச் சும்மா கிடப்பதுபோல் இருந்தாலும் உள்ளே தேய்ந்துகொண்டுதான் இருக்கிறது. கோவையில் பல வீடுகளில் நல்ல தண்ணீர் ஒரு குழாயிலும், போர்வெல் உப்புத் தண்ணீர் இன்னொரு குழாயிலும் வரும். சிறுவாணித் தண்ணீர் போகும் ஹீட்டர் நீண்ட நாள் உழைக்கும். உப்புத் தண்ணீர் போகும் ஹீட்டரில் கண்ணாடிக் குழாய்களுக்குள்ளும் தொட்டியின் அடியிலும் வெள்ளைப் படிவு கெட்டியாகும். சூடு ஏறுவது குறையும். சாதாரண எவர்சில்வர் தொட்டியின் வெல்டிங் ஓரங்கள் அரிக்கப்பட்டு ஒழுகத் தொடங்கும். எனவே எந்தத் தண்ணீர் ஹீட்டருக்குப் போகிறது என்ற ஒரு வரி, ஹீட்டரின் கம்பெனிப் பெயரைவிட மதிப்புள்ள தகவல். எந்த ஆண்டு பொருத்தியது, கடைசியாக எப்போது உப்பு எடுத்தது என்ற இரண்டையும் அதோடு சேர்க்க வேண்டும்.

வெற்றிடக் குழாய் வகை என்றால் இன்னொரு சோதனை உண்டு, அதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. ஒவ்வொரு கண்ணாடிக் குழாயும் இரட்டைச் சுவர் கொண்டது. இரண்டு சுவருக்கும் நடுவே காற்றை உறிஞ்சி எடுத்திருப்பார்கள். அடிமுனையில் பேரியம் பூச்சு பளபளவென்று வெள்ளியாக இருக்கும். எங்காவது நுண்ணிய விரிசல் விட்டுக் காற்று உள்ளே புகுந்தால் அந்த வெள்ளி நிறம் போய்ப் பால்வெள்ளையாகிவிடும். அப்படிப்பட்ட குழாய் முழுசாகத் தெரிந்தாலும் பிடித்த சூட்டை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். விற்பவர் மாடிக்குப் போய்க் குழாய்களின் அடிமுனையைப் பார்த்து, வெளுத்துப்போன இரண்டு மூன்றை மாற்றிவிட்டு, அதன் பிறகு புகைப்படம் எடுப்பது நல்லது. விவரம் தெரிந்த வாங்குபவர் முதலில் பார்ப்பது அந்த முனைகளைத்தான்.

தொட்டியில் சூடு இருந்தும் குளியலறைக்கு அது வராத வீடுகளும் உண்டு. தொட்டியிலிருந்து குளியலறைக்கு 20 மீட்டர் குழாய் ஓடுகிறது, குழாயின் உள்விட்டம் 20 மில்லிமீட்டர் என்றால், அந்தக் குழாய்க்குள்ளேயே 6 லிட்டருக்கு மேல் ஆறிய தண்ணீர் நிற்கும். காலையில் சுடுநீர் வருவதற்கு முன் கால் பக்கெட்டுக்கு மேல் பச்சைத் தண்ணீர் போக வேண்டும். அடுக்குமாடிகளில் கீழ்த்தளத்து வீட்டுக்காரர்கள் சலித்துக்கொள்வதும் இதற்குத்தான். “மாடிக் குளியலறைக்குச் சுடுநீர் உடனே வரும், கீழே அரை நிமிடம் ஆகும்” என்று எழுதத் தயங்க வேண்டியதில்லை. அடுக்குமாடி என்றால் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்: ஹீட்டர் நிற்கும் மொட்டை மாடி பொதுவுடைமை. சங்கத்தின் அனுமதியோடு வைத்ததா, அந்த அனுமதி புதிய உரிமையாளருக்கும் தொடருமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிவைத்திருந்தால் அதுவே விளம்பரத்தில் ஒரு பலம்.

வாங்குபவரை எப்போது வரச் சொல்வது என்பதும் இந்த வேலையில் ஒரு பகுதி. காலையில் வீட்டார் குளித்து முடித்த கையோடு பத்து மணிக்கு வந்தால் தொட்டியில் புதிதாக ஏறிய தண்ணீர் இன்னும் சூடாகியிருக்காது. வெயில் நாளில் மாலை நான்கு மணிக்கு வரச் சொன்னால் அன்றைய முழுச் சூடும் குழாயைத் திறந்ததும் தெரியும். கறாரான ஆள் மறுநாள் காலை ஆறு மணிக்கும் ஒருமுறை வந்து பார்க்கக் கேட்பார், ராத்திரி முழுக்க தொட்டி சூட்டைத் தாங்குகிறதா என்று தெரிந்துகொள்ள. அதற்கும் சம்மதிக்கிற விற்பனையாளர்தான் நம்பிக்கையைச் சம்பாதிக்கிறார்.

இனி காற்றுக்கு வரலாம். காரைக்குடிப் பக்கத்து செட்டிநாட்டு வீடுகளில் தலைவாசலில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல்வரை பார்வை நேராகப் போகும். பார்வை போகும் வழியில் காற்றும் போகும். குறுக்குக் காற்றோட்டம் என்பதன் சூத்திரம் அவ்வளவுதான்: காற்று வர ஒரு வாய், போக இன்னொரு வாய், நடுவில் தடையில்லாத வழி. ஒரே ஒரு பெரிய ஜன்னல் இருக்கும் அறையில் வெளிச்சம் வரும், வேடிக்கை பார்க்கலாம். காற்று உள்ளே வந்தாலும் வெளியேற வழியில்லாததால் ஜன்னலோரத்திலேயே நின்றுவிடும். எனவே “எல்லா அறைக்கும் ஜன்னல்” என்பதும் “குறுக்குக் காற்றோட்டம்” என்பதும் வேறு வேறு. முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதை எழுதக் கூடாது.

ஜன்னலின் அளவிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒன்றிய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2018-இல் குடியிருப்புகளுக்காக வெளியிட்ட எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பு, சென்னை போன்ற வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த பகுதிகளில், திறக்கக்கூடிய பரப்பு வீட்டின் தரைப்பரப்பில் குறைந்தது ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்கிறது. இங்கே கவனிக்க வேண்டிய சொல் “திறக்கக்கூடிய” என்பது. கதவுபோலத் திறக்கும் ஜன்னலில் 90 விழுக்காடு திறந்ததாகக் கணக்கு. இரண்டு கண்ணாடி நகரும் ஸ்லைடிங் ஜன்னலில் ஒன்றை மற்றொன்றின் மேல் தள்ளித்தான் திறக்க முடியும் என்பதால் பாதிதான் கணக்கில் சேரும். இப்போது கட்டப்படும் வீடுகளில் பெரும்பாலும் ஸ்லைடிங்தான். “5 அடிக்கு 4 அடி பெரிய ஜன்னல்” என்று விளம்பரத்தில் இருந்தால், காற்றுக்குக் கிடைப்பது 10 சதுர அடி.

வடவள்ளி விளம்பரத்தில் சொன்ன வீட்டையே உதாரணத்துக்கு எடுத்து, அதன் உள்ளமைப்பை நாமாக வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். பெரிய படுக்கையறை 12 அடிக்கு 10 அடி, அதாவது 120 சதுர அடி. அந்த விகிதம் வீடு முழுமைக்கும் சொல்லப்பட்டது என்றாலும் அறைக்கும் ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம். அப்படியானால் 20 சதுர அடி திறப்பு தேவை. மேற்குச் சுவரில் 5-க்கு 4 ஸ்லைடிங் ஜன்னல் 10 சதுர அடி தருகிறது. தெற்குச் சுவரில் 4-க்கு 4 கதவு ஜன்னல் 14 சதுர அடிக்குச் சற்று மேல் தருகிறது. மொத்தம் 24, இரண்டு வேறு சுவர்களில். இந்த அறைக்குக் குறுக்குக் காற்றோட்டம் உண்டு என்று தைரியமாக எழுதலாம். வடகிழக்கில் இருக்கும் சின்ன படுக்கையறைக்கோ ஒரே பக்கம் ஒரே ஜன்னல். அறைக் கதவைத் திறந்து வைத்தால் ஹால் வழியாகக் காற்று ஓடும், மூடிவிட்டால் நின்றுபோகும். அதை அப்படியே சொல்லிவிட வேண்டும். ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் பிள்ளைக்கு அந்த அறையைக் கொடுக்கப் போகிறவருக்கு இது தெரிய வேண்டிய செய்தி.

காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை ஊரை வைத்துத்தான் சொல்ல முடியும். சென்னையில் கோடைப் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும். கோவைக்கு பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலையில் அந்த இடைவெளி வழியாகப் புகுந்து ஆனி, ஆடியில் ஊரையே உலுக்கும். உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் நிற்பதும் அதே காற்றை நம்பித்தான். எனவே கோவை வீட்டில் மேற்கு, தென்மேற்கு ஜன்னல் என்பது உண்மையான சொத்து. அதே மேற்கு ஜன்னலில் மாலை வெயிலும் அடிக்கும். ஜன்னலுக்கு மேல் சன்ஷேடு எவ்வளவு நீண்டிருக்கிறது, வெளியே மரம் இருக்கிறதா என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் தகவல் முழுமையாகும்.

இந்த இடத்தில் பல விளம்பரங்கள் மறைக்கும் ஒரு விஷயம் உண்டு: பக்கத்துக் காலி மனை. இன்று மேற்கிலிருந்து தடையில்லாமல் காற்று வருவதற்குக் காரணம் அங்கே இன்னும் யாரும் வீடு கட்டாதது என்றால், அந்தக் காற்று விற்பவருடையது அல்ல. நாளைக்கு இரண்டு மாடி எழுந்தால் காற்று போய்விடும். சில நேரம் சோலார் ஹீட்டரின் மேல் நிழலும் விழும். ஜன்னலுக்கு எதிரே 30 அடி ரோடு இருந்தால், பூங்கா இருந்தால், அதைப் பெருமையாகவே எழுதலாம். அவை அங்கேயே இருக்கப் போகின்றன. காலி மனை என்றால் “மேற்கே தனியார் மனை, தற்போது காலி” என்று ஐந்து சொல்லில் சொல்லிவிடலாம். அந்த “தற்போது” முக்கியம்.

நேரில் காட்ட ஓர் ஊதுபத்தி போதும். உள்ளே வரும் ஜன்னலருகே கொளுத்திப் பிடித்தால் புகை அறையைக் கடந்து எதிர்த் திறப்பு வழியாக வெளியேறுகிறதா, இல்லை கூரைக்கு ஏறிச் சுழல்கிறதா என்று தெரிந்துவிடும். மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டும்; கொசுவலையைப் போட்டே செய்ய வேண்டும், ஏனென்றால் வலை காற்றைக் கண்கூடாகக் குறைக்கும், குடியிருப்பவரோ வலையைக் கழற்றப் போவதில்லை. இணைய விளம்பரத்தில் இதை ஒரு சின்ன வீடியோவாகவே சேர்க்கலாம். வீட்டின் வரைபடத்தில் ஜன்னல்களைக் குறித்து, காற்று வரும் திசைக்கு ஓர் அம்புக்குறி போட்டுக் கொடுத்தால், “நல்ல காற்றோட்டம்” என்று பத்து முறை எழுதுவதைவிட வேலை செய்யும்.

எதை முதலில் எழுதுவது என்பதும் ஊருக்கு ஊர் மாறும். சென்னையில் சுடுநீர் வருடத்தில் சில வாரத் தேவை. அங்கே காற்றைத்தான் தலைப்பில் வைக்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானலில் சுடுநீர் அன்றாடத் தேவை. கோவையில் மார்கழி, தைக் குளிருக்கு ஹீட்டரும் மற்ற மாதங்களுக்குக் காற்றும் என்று இரண்டுக்கும் இடம் உண்டு. பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஓடிய பழைய ஹீட்டரை மட்டும் எந்த ஊரிலும் தலைப்புக்குக் கொண்டுவரக் கூடாது. அது இருக்கிறது, இன்ன ஆண்டு வைத்தது என்று விவரங்களில் சொன்னால் போதும்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு அந்த வடவள்ளி விளம்பரத்தைத் திருப்பி எழுதினால் இப்படி வரும்:

“வடவள்ளி, 4 சென்ட், 1,150 சதுர அடி, 2 படுக்கையறைத் தனி வீடு. ஹாலிலும் பெரிய படுக்கையறையிலும் மேற்கு, தெற்கு என இரு பக்கம் ஜன்னல். ஆடிக் காற்று நேராக வரும், மேற்கு ஜன்னலுக்கு 2 அடி சன்ஷேடு உண்டு. சின்ன படுக்கையறைக்கு ஒரு பக்க ஜன்னல். தெற்கே 30 அடி ரோடு. மேற்கே தனியார் மனை, தற்போது காலி. 200 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர், 2020-இல் பொருத்தியது, நல்ல தண்ணீர் இணைப்பு, கடந்த தை மாதம் சர்வீஸ் செய்தது, பில் இருக்கிறது. நான்கு பேர் குடும்பம். ஓராண்டு மின்கட்டண ரசீதுகள் பார்க்கலாம். வெயில் நாளில் மாலை 4 மணிக்கு வந்தால் சுடுநீரைச் சோதித்துப் பார்க்கலாம்.”

வரி விளம்பரத்துக்கு இது நீளம்தான். இணையப் பக்கத்துக்கு அளவானது. காசு கொடுத்து வரி வரியாகப் போடுபவர் “200லி சோலார் வாட்டர் ஹீட்டர் 2020, மேற்கு-தெற்கு ஜன்னல்” என்ற அளவுக்குச் சுருக்கினாலும் “சோலார், நல்ல காற்று” என்பதைவிட நிறையச் சொல்லியதாகும். இதில் “பசுமை வீடு”, “சுற்றுச்சூழலுக்கு உகந்த இல்லம்” என்ற சொற்களே இல்லை என்பதையும் கவனிக்கலாம். சான்றிதழ் பெற்ற கட்டடமாக இருந்தால் எந்த அமைப்பின் சான்று, எந்த நிலை என்று எழுத வேண்டும். இல்லையென்றால் அந்தச் சொற்களைத் தொடாமல் இருப்பதே நல்லது.

கட்டுநர்களுக்கு இது விருப்பம் சார்ந்த விஷயமும் அல்ல. ஆதாரமில்லாத சுற்றுச்சூழல் பெருமைகளை விளம்பரத்தில் போடக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டிருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டத்தின் 12-ஆவது பிரிவோ இன்னும் நேரடியானது. விளம்பரத்திலோ மாதிரி வீட்டிலோ கட்டுநர் சொன்ன பொய்யான தகவலை நம்பி முன்பணம் கட்டி நட்டப்பட்டவர் இழப்பீடு கேட்கலாம். திட்டத்திலிருந்து விலக விரும்பினால் கட்டிய பணத்தை வட்டியோடு திரும்பப் பெறலாம். “ஒவ்வொரு பிளாட்டுக்கும் சோலார் சுடுநீர்” என்று கையேட்டில் அச்சடித்தவர் அதைக் கொடுத்தே ஆக வேண்டும்.

பழைய வீட்டைத் தானே விற்கும் தனிநபரை ரெராவின் இந்தப் பிரிவு தொடாது. அவருக்கு 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இருக்கிறது. சாதாரணக் கவனத்தில் வாங்குபவர் கண்டுபிடிக்க முடியாத, ஆனால் விற்பவருக்குத் தெரிந்த முக்கியமான குறையை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்கிறது அதன் 55-ஆவது பிரிவு. எனவே சோலார் தொட்டி ஒழுகி அதன் அடியில் கான்கிரீட் தளம் ஊறிப்போயிருந்தால், சீலிங்கில் வெள்ளையடித்து மறைத்துவிட்டு விளம்பரம் கொடுக்காதீர்கள். முதலில் தொட்டியைச் சரிசெய்யுங்கள். முன்பணம் வாங்குவதற்கு முன் நடந்ததை வாங்குபவரிடம் எழுத்திலேயே சொல்லிவிடுங்கள்.